1 ஜிபிபிஎஸ் லைன், கையில் வருவது 370: ரௌட்டரின் ‘விவேக’ வசதிகளைச் சோதிப்பது எப்படி

பட்டர்வொர்த்தில் என் அக்கா வீட்டில் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் திட்டத்துக்கு மாறியபோது, பழைய ரௌட்டரையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பெட்டியின் மேலேயே பெரிய எண்கள் அச்சிட்டிருந்த நல்ல ரௌட்டர்தான். பொருத்திய நாளிலிருந்து வேகம் 370, 390 எம்பிபிஎஸ் அளவிலேயே நின்றது. நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தார்கள். ஆள் வந்து, தன் மடிக்கணினியைச் சுவரில் இருந்த ஃபைபர் மோடத்தில் நேராகச் செருகிப் பார்த்தார். 930க்கு மேல் வந்தது. லைனில் கோளாறு இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அக்காவும் அத்தானும் மாதா மாதம் முழு வேகத்துக்கும் பணம் கட்டி, அதில் பாதிகூடக் கிடைக்காமல் நான்கு மாதம் ஓட்டிவிட்டார்கள்.

குற்றவாளி ரௌட்டருக்குள்ளேயே இருந்தது. வாங்கிய நாளிலேயே ‘ஆன்’ நிலையில் வந்த இரண்டு வசதிகள். இப்படிப்பட்ட வசதிகள் பல ரௌட்டர்களில் முன்கூட்டியே இயங்கும். இன்னும் சிலவற்றில், முதல்முறை அமைக்கும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போகையில் நாமே ஒப்புக்கொண்டிருப்போம். உங்கள் வீட்டிலும் அப்படியா என்று கண்டுபிடிக்க ஒரு மடிக்கணினி, ஒரு லேன் கேபிள், ஒரு மணி நேரம் போதும்.

வேகம் ஏன் குறைகிறது

இணையத்தில் வரும் எதுவும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் வருகிறது. 1 ஜிபிபிஎஸ் லைன் நிரம்பி ஓடும்போது, முழு அளவுப் பொட்டலங்கள் விநாடிக்கு 80,000க்கும் மேல் ரௌட்டரைக் கடக்கும். வீட்டு ரௌட்டரில் இருக்கும் CPU என்ற சிறிய செயலியால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, முகவரி மாற்றி, உரிய கருவிக்கு அனுப்ப முடியாது. அதனால் ரௌட்டர் செய்பவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஒரு தொடர்பின் முதல் சில பொட்டலங்களை மட்டும் செயலி பார்க்கும். இது யாருக்குப் போக வேண்டியது என்று முடிவானதும், மிச்சம் உள்ளவற்றைத் தனியாக இருக்கும் ஒரு வன்பொருள் பகுதி செயலியைத் தொடாமலேயே கடத்திவிடும். பாலத்து டோல் சாவடியில் ஓர் ஊர்வலத்தின் முதல் காரை மட்டும் நிறுத்தி விசாரித்துவிட்டு, பின்னால் வருபவற்றைக் கையசைத்து அனுப்புவதைப் போல.

இப்போது ‘எந்தக் கருவி எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டு’, ‘விளையாட்டுக்கு முதல் இடம் கொடு’, ‘கெட்ட தளங்களைத் தடு’ என்று ரௌட்டரிடம் சொன்னால் என்ன ஆகும்? இவற்றைச் செய்ய பொட்டலங்களைப் பார்த்தாக வேண்டும். பல ரௌட்டர்களில் அந்த வேலை குறுக்குவழியோடு ஒத்துப்போகாது. குறுக்குவழி மூடப்பட்டு, எல்லாம் செயலி வழியாகவே போகத் தொடங்கும். 100 எம்பிபிஎஸ் லைனில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். அந்த அளவைச் செயலி எளிதாகத் தாங்கும். சில நூறு எம்பிபிஎஸ் தாண்டினால்தான் மூச்சு வாங்கும். 2018இல் மலேசியாவில் இணைய நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வசூலிக்கும் மொத்த விலைகளுக்குக் கட்டுப்பாடு வந்து, வேகமான திட்டங்களின் விலை இறங்கியது. அதற்குப் பிறகு லைன் வேகம் கூடிக்கொண்டே போன பல வீடுகளில் ரௌட்டரும் அதன் அமைப்புகளும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

முதலில் கேபிளை நம்பலாமா என்று பாருங்கள்

வைஃபையில் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுவர், தூரம், பக்கத்து வீட்டு சிக்னல் என்று அதற்கு ஆயிரம் காரணங்கள். மடிக்கணினியை லேன் கேபிளால் ரௌட்டரில் செருகி, வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் PowerShell திறந்து இதைத் தட்டுங்கள்:

```
Get-NetAdapter | Format-Table Name, LinkSpeed
```

Ethernet வரியில் 1 Gbps என்று இருக்க வேண்டும். 100 Mbps என்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம், பழைய கேபிளாக இருக்கலாம், அல்லது மடிக்கணினியில் நீங்கள் செருகிய அடாப்டர் அவ்வளவுதான் தாங்கும். அந்த நிலையில் வேகச் சோதனை 94, 95இல் நிற்கும். 94ஐப் பார்த்தாலே முதலில் கேபிளை மாற்றுங்கள். ரௌட்டர் பக்கம் போகவே வேண்டாம். ரௌட்டருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள குட்டிக் கேபிளுக்கும் இது பொருந்தும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபிபிஎஸ் போர்ட் வழியாக ஒருபோதும் 1000 வராது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் முகவரி போன்றவை இடம் பிடிப்பதால், நல்ல நிலையில் 930, 940 வரும். 935 கண்டு யாரையும் திட்ட வேண்டாம். அதுதான் முழு வேகம்.

அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் யாரும் படம் பார்க்காத நேரம் ஒன்றைப் பிடியுங்கள். காலை நேரம் நல்லது. வேகச் சோதனையில் சர்வரை நாட்டுக்குள்ளேயே தேர்ந்தெடுத்து, ஒரே சர்வரில் மூன்று முறை ஓட்டுங்கள். பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் தாளில் எழுதுங்கள். தாளில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ரௌட்டரை இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்யப் போகிறோம், எது எந்த நிலையில் வந்த எண் என்பது பத்து நிமிடத்தில் குழம்பிவிடும்.

அக்கா வீட்டில் எனக்கு வந்தவை 372, 391, 365. எண்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஆடுகின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த ஆட்டமே ஒரு தடயம்.

இரண்டு வகைக் கூரை

வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏறவில்லை என்றால், அந்தக் கூரை இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, செயலி திணறுவது. மற்றது, யாரோ ஒரு பெட்டியில் ஓர் எண்ணை எழுதி வைத்திருப்பது. இரண்டுக்கும் மருந்து வேறு.

பிரித்தறிய ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலும் வரும். வராவிட்டால் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரி இருக்கும். பல ரௌட்டர்களில் CPU என்று ஒரு வரைபடமோ சதவீதமோ முதல் பக்கத்திலோ System பகுதியிலோ இருக்கும். அதை ஒரு ஜன்னலில் வைத்துக்கொண்டு, மறு ஜன்னலில் வேகச் சோதனையை ஓட்டுங்கள்.

சோதனை நடக்கும்போது செயலி 100 சதவீதத்துக்கு ஏறி, வேகமும் முன்னும் பின்னும் ஆடினால், செயலிதான் கூரை. இங்கே ஒரு மோசமான ஏமாற்று உண்டு. இப்போதைய ரௌட்டர்களின் செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் இரண்டு, மூன்று, நான்கு இருக்கும். ஒரு கோர் மட்டும் 100இல் முட்டிக்கொண்டு நிற்க, மற்றவை சும்மா இருந்தால், மொத்தக் கணக்கு 30, 35 என்றுதான் காட்டும். அக்கா வீட்டில் மொத்தம் 31 சதவீதம். அதைப் பார்த்துவிட்டு நானே முதலில் ‘செயலிக்கு ஒன்றும் இல்லை’ என்று கடந்துவிட்டேன். கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும் பக்கத்துக்குப் போன பிறகுதான் முதல் கோர் 100இல் நிற்பது தெரிந்தது. நான்கு கோர் ரௌட்டரில் மொத்தம் 25 என்பதுகூட ஒரு கோர் நிரம்பிவிட்டது என்று பொருள்படலாம். நம் ஊர்ப் பல லைன்கள் PPPoE முறையில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைபவை. குறுக்குவழி மூடியிருக்கும்போது அந்த வேலையும் பல ரௌட்டர்களில் ஒரே கோரின் தலையில்தான் விழும்.

மாறாக, செயலி ஓய்வாக இருக்கிறது, எந்தக் கோரும் நிரம்பவில்லை, வேகம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து சுவரில் முட்டியது போல நிற்கிறது என்றால், அது எழுதி வைத்த எண். செந்தூலில் ஒரு நண்பர் வீட்டில் இதைப் பார்த்தேன். 500 லைன், காலை, இரவு எப்போது அளந்தாலும் 285, 284, 285. அவர் முன்பு 300 திட்டத்தில் இருந்தவர். அப்போது ரௌட்டர் தானாகவே ஒரு வேகச் சோதனை ஓட்டி, கிடைத்த எண்ணை, யாருக்கு முதலிடம் என்று பிரிக்கும் QoS பகுதியில் லைனின் அளவாகப் பதிந்து வைத்திருந்தது. திட்டம் மாறியது, பில் மாறியது, அந்தப் பெட்டியில் இருந்த எண் மாறவில்லை. புதிய எண்ணைப் போட்டதும் அவருக்கு 480க்கு மேல் வந்தது. அவருடைய ரௌட்டரின் செயலி அந்த அளவைத் தாங்கியதால் அதோடு வேலை முடிந்தது.

அணைப்பது

எதையும் தொடும் முன் இப்போதைய அமைப்புகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். PPPoE பயனர் பெயர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து. அதை அழித்துவிட்டால் இணையமே போய்விடும். நிறுவனத்துக்குப் போன் செய்து வாங்கும்வரை வீடு இருட்டில்தான்.

தேட வேண்டிய பெயர்கள் ரௌட்டருக்கு ரௌட்டர் மாறும். QoS, Adaptive QoS, Dynamic QoS, Smart Queue, Bandwidth Control ஆகியவை யாருக்கு முதலிடம், யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பவை. Traffic Analyzer, Traffic Monitor, Traffic Statistics ஆகியவை எண்ணிக்கை எடுப்பவை. Parental Controls, மற்றும் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் வரும் தளவடிகட்டிகள் பொட்டலத்தைத் திறந்து பார்ப்பவை. Smart Connect என்று ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைகளை ஒரே பெயரில் சேர்ப்பது. இந்தப் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அணையுங்கள். அணைத்து, Apply அழுத்தி, பிறகு ரௌட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுதொடக்கம் முக்கியம். சில ரௌட்டர்களில் குறுக்குவழி அடுத்த முறை எழும்போதுதான் மறுபடி திறக்கும். அணைத்தவுடனே அளந்து, ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

அக்கா வீட்டில் முதலில் QoS அணைத்தேன். மறுதொடக்கம். அளந்தேன்: 385. மாற்றமே இல்லை. அத்தான் முகம் வாடிவிட்டது. “தம்பி, ரௌட்டரையே மாத்திடலாமா?” என்றார். ஆனால் முதல் கோர் இன்னும் 100இல்தான் நின்றது. அதாவது செயலியை இன்னும் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. புள்ளிவிவரப் பக்கத்தில், ஒவ்வொரு கருவியும் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறது என்று எண்ணும் வசதி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அதை அணைத்து மறுதொடக்கம் செய்தேன்: 934, 931, 936. முதல் கோர் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

குறுக்குவழியைத் திறக்க ஒன்று மட்டும் பாக்கி இருந்தாலும் அது திறக்காது என்பதை இதில் பாருங்கள். ஒன்றை அணைத்துப் பலன் இல்லை என்றால், அது காரணம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதை அணைத்தபடியே வைத்து, அடுத்ததையும் அணைத்துப் பாருங்கள். முழு வேகம் வந்த பிறகு, வேண்டியதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு அளந்தால் எது உண்மையில் விலை கேட்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றையும் அணைத்தும் செயலி நிரம்பியே நின்றால், NAT Acceleration, Hardware NAT, Hardware Offloading என்ற பெயர்களில் குறுக்குவழியின் சுவிட்சே எங்காவது இருக்கலாம். LAN அல்லது Advanced பகுதியில் தேடுங்கள். அது Auto அல்லது Enabled நிலையில் இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்து, செயலி அப்படியும் முட்டினால், அந்த ரௌட்டரால் அவ்வளவுதான் முடியும். அப்போது மாற்றுவது நியாயம்.

அணைத்ததால் எதை இழந்தோம்

QoS வீண் வசதி அல்ல. லைன் நிரம்பும்போது வரிசை நீண்டு, வீடியோ அழைப்பு திக்கும், விளையாட்டு தாமதிக்கும். அதைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. 50, 100 எம்பிபிஎஸ் லைனில் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். 1 ஜிபிபிஎஸ் லைனைச் சாதாரணக் குடும்பம் நிரப்புவது அபூர்வம். ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். கட்டளைச் சாளரத்தில் இதை ஓடவிடுங்கள்:

```
ping -n 60 8.8.8.8
```

முதல் பதினைந்து விநாடி சும்மா விட்டு, பிறகு வேகச் சோதனையைத் தொடங்குங்கள். இடையில் வரும் மில்லிவிநாடிகளைப் பாருங்கள், முக்கியமாகப் பதிவேற்றம் நடக்கும்போது. பல திட்டங்களில் பதிவேற்ற வேகம் குறைவு. முதலில் நிரம்புவது அந்தப் பக்கம்தான். அக்கா வீட்டில் சும்மா இருக்கும்போது 8, பதிவிறக்கத்தில் 20ஐ ஒட்டி, பதிவேற்றத்தில் 35 வரை போனது. அழைப்பில் யாருக்கும் தெரியாத அளவு. உங்களுக்கு அது 150, 200 என்று ஏறி, வீட்டில் வீடியோ அழைப்பும் அடிக்கடி திக்கினால், QoS திரும்ப வேண்டும். அப்போது பதிவேற்றத்துக்கு மட்டும் அதைப் போட முடியுமா என்று பாருங்கள். சில ரௌட்டர்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. அளந்த பதிவேற்ற வேகத்தில் 90 சதவீதத்தை அங்கே எழுதி, பிறகு பதிவிறக்கத்தையும் மறுபடி அளந்து, குறுக்குவழி மூடிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். முழு வேகமா, திக்காத அழைப்பா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் நான் அழைப்பைத்தான் எடுப்பேன். 400இல் எந்தப் படமும் நிற்காது. திக்கும் அழைப்பில் பேசுவது வேதனை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தளவடிகட்டி இன்னொரு கேள்வி. அக்காவின் சின்னவனுக்குப் பத்து வயது. வடிகட்டி இல்லாமல் விட அக்கா ஒப்பவில்லை. அவர் சொல்வது நியாயம்தான். இரவு பத்து மணிக்கு இணையத்தை நிறுத்தும் நேரக் கட்டுப்பாடு பெரும்பாலும் செயலிக்குச் சுமை தராது, அதைப் போட்டோம். மறுபடி அளந்தபோது வேகம் குறையவில்லை. தளங்களை வகை பிரித்துத் தடுக்கும் வசதியைப் போட்டதும் மறுபடி 400க்கு வந்துவிட்டது. அதற்குப் பதிலாக, ரௌட்டரின் DNS பெட்டிகளில் 1.1.1.3, 1.0.0.3 என்று எழுதினோம். இவை கிளவுட்ஃபிளேர் நடத்தும் குடும்பத்துக்கான முகவரிகள். தீய மென்பொருள் தளங்களுக்கும் வயது வந்தோர் தளங்களுக்கும் முகவரி கேட்டால் உண்மையான முகவரியைத் தராது. தளத்தின் பெயரைத் தேடும் அந்த ஒரு கணத்தில்தான் இது வேலை செய்கிறது, பொட்டலங்களைத் தொடுவதில்லை, அதனால் வேகம் 930லேயே நின்றது. ரௌட்டரின் வடிகட்டி அளவுக்கு இது இறுக்கமானது அல்ல. கைப்பேசியில் வேறு DNS போட்டாலோ, மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ தாண்டிவிடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது போதாது. பத்து வயதுக்கு அக்கா ஏற்றுக்கொண்டார்.

வைஃபையில் இனி என்ன வரும் என்று அத்தான் கேட்டார். ஹாலில் அவர் கைப்பேசிக்கு 640, மாடி அறையில் 310. கேபிளில் 934 வரும் வீட்டில் அது இயல்பு. முன்பு ஹாலிலும் 370ஐத் தாண்டாது.

இனி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாட்கள் இரண்டு: ரௌட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்படும் நாள், பொத்தானை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் நாள். முதலாவதில் சில நேரமும் இரண்டாவதில் எப்போதும், அணைத்து வைத்தவை பழைய நிலைக்குத் திரும்பும். அக்கா வீட்டில் அந்தத் தாளை, எழுதிய எண்களோடும் அணைத்த இரண்டு வசதிகளின் பெயர்களோடும், ரௌட்டரின் அடியில் ஒட்டிவிட்டு வந்தேன்.